வேட்பாளர் படத்தை இவ்வளவு மெருகேற்றுகிறார்களே, அதனால் உண்மையில் ஓட்டு விழுகிறதா?

படக்கடை (திங்கள், இரவு 9.40)

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் படக்கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் படம், கடப்பிதழ் படம், இறந்தவர்களுக்குப் பெரிதாக்கி மாலை போடும் படம் என்று சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பாதிப் பேரின் முகம் என் கணினியில் இருக்கிறது. தேர்தல் வந்தால் பதாகை வேலையும் வரும். அதைப் பற்றித்தான் கேட்கிறேன்.

கடந்த தேர்தல் ஒன்றில் பக்கத்துத் தொகுதி வேட்பாளரின் ஆள் ஒருவர் வந்தார். கட்சியும் பெயரும் வேண்டாம். ஒரே ஒரு படத்துக்காக என் பக்கத்தில் நாற்காலி போட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே உள்ள பையை எடுக்கச் சொன்னார், எடுத்தேன். "முழுவதும் எடுத்துவிடாதீர்கள், பையன் மாதிரி ஆகிவிடுகிறார்" என்று பாதியைத் திரும்ப வைக்கச் சொன்னார். நெற்றியில் எண்ணெய் மினுமினுப்பைக் குறைத்தேன். தாடைக்குக் கீழே நிழலைக் கூட்டினேன். சட்டைக் காலரின் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது, அதை மற்றப் பக்கத்திலிருந்து வெட்டி ஒட்டினேன். கடைசியில் தோலின் நிறத்தை இரண்டு படி வெளுக்கச் சொன்னார். அதையும் செய்தேன். மொத்தம் பதினேழு பதிப்புகள்.

பதாகை எங்கள் வீட்டு முச்சந்தியில் தொங்கியது. அம்மா பார்த்துவிட்டு, "யாரப்பா இந்தப் பிள்ளை?" என்று கேட்டார். அவரைச் சிறு வயதிலிருந்தே அம்மாவுக்குத் தெரியும். ஒரே தோட்டத்தில் பால் வெட்டியவர்களின் மகன்.

மோட்டார்சைக்கிளில் போகிறவன் அந்தப் பதாகையை ஒரு விநாடி பார்ப்பான். அந்த ஒரு விநாடிக்காகவா மூன்று மணி நேரம்? அதில் ஏதாவது பயன் உண்டா, அல்லது பணம் இருக்கிறதே என்று செய்கிறார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கொடிக்காரன் (திங்கள், இரவு 10.15)

தம்பி, நான் 1982லிருந்து தேர்தலுக்குக் கொடி கட்டியவன். பயன் உண்டா என்று கேட்கிறீர்களே! அழகாக இருப்பவன் ஜெயிப்பான், அவ்வளவுதான் விஷயம். அமெரிக்காவில் 1960ல் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் மோதினார்கள். வானொலியில் கேட்டவர்கள் நிக்சன் ஜெயித்தார் என்றார்கள், தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கென்னடி ஜெயித்தார் என்றார்கள். நிக்சன் வேர்வையும் தாடி நிழலுமாக நின்றார். ஓட்டில் எழுபது விழுக்காட்டை முகம்தான் முடிவு செய்கிறது என்று விஞ்ஞானிகளே நிரூபித்துவிட்டார்கள். எங்கோ படித்திருக்கிறேன்.

வகுப்பறை (செவ்வாய், காலை 7.05)

ஐயா சொன்னதில் பாதி சரி, பாதி வழி தவறிவிட்டது. நான் உளவியல் கற்பிக்கிறேன். பிறந்தது இங்கேதான், பத்தாவது மைலில். எழுபது என்ற எண் எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்கிறேன்.

2005ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் டோடோரோவும் அவருடன் இருந்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். அமெரிக்கச் செனட் தேர்தல்களில் மோதிய இரண்டிரண்டு பேரின் கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்துக்கொண்டார்கள். பெயர் இல்லை, கட்சி இல்லை. மாணவர்களிடம் காட்டி, "இவர்களில் யார் திறமையானவராகத் தெரிகிறார்?" என்று மட்டும் கேட்டார்கள். படத்தில் இருப்பவரை யாராவது அடையாளம் கண்டுகொண்டால் அந்தப் பதிலைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு சோதனையில் படம் திரையில் இருந்ததே ஒரு விநாடிதான். திறமையானவர் என்று அதிகம் பேர் காட்டிய முகம், செனட் போட்டிகளில் 71.6 விழுக்காட்டில் உண்மையிலேயே வென்ற முகமாக இருந்தது.

இதன் பொருளைக் கவனியுங்கள். நூறு போட்டிகளில் எழுபத்தொன்றில் ஊகம் சரியாக வந்தது. அவ்வளவுதான். ஒவ்வொரு போட்டியிலும் எழுபது விழுக்காடு ஓட்டு முகத்துக்கு விழுந்தது என்று பொருள் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே ஐம்பது சரியாக வரும். முகம் அதற்கு மேல் இருபது சேர்க்கிறது. ஆயிரம் ஓட்டில் வெற்றி தோல்வி தீரும் தொகுதியில் முகம் நூறு ஓட்டுதான் திருப்புகிறது என்றாலும், நிறையப் போட்டிகளைக் கூட்டிப் பார்த்தால் இப்படி ஓர் எண் வரலாம்.

இன்னொன்று, "அழகு" என்று ஐயா சொன்னது. அந்தச் சோதனையில் ஊகத்துக்கு உதவியது அழகோ நேர்மையோ அல்ல, திறமை என்ற தோற்றம். அழகும் அதற்குள் கொஞ்சம் கலந்திருக்கிறது, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. படக்கடை அண்ணனிடம் வந்த ஆள் கண் பையைப் பாதி திரும்ப வைக்கச் சொன்னாரே, அவருக்கு இது தெரிந்திருக்கிறது. முழுவதும் எடுத்தால் முகம் அழகாகும். ஆனால் முதிர்ச்சி போய்விடும்.

பழைய கொடிக்காரன் (செவ்வாய், காலை 8.30)

கென்னடி கதையும் தவறா?

வகுப்பறை (செவ்வாய், காலை 8.52)

தவறு என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். நிக்சன் முழங்கால் தொற்றினால் மருத்துவமனையில் கிடந்து மெலிந்து வந்தார், அது உண்மை. ஆனால் வானொலி, தொலைக்காட்சி என்று பிரித்துச் சொல்லும் கதை ஒரு பலவீனமான கருத்துக் கணிப்பில் நிற்கிறது. அதில் வானொலியில் மட்டும் கேட்டவர்கள் மிகச் சிலர். அவர்கள் முதலிலேயே நிக்சன் பக்கம் சாய்ந்தவர்களாக இருந்திருக்கலாம். பிறகு 2003ல் ஜேம்ஸ் ட்ரக்மன் என்பவர் அந்தப் பழைய விவாதத்தை, அதைப் பற்றி அதிகம் அறியாத மாணவர்களுக்கு, சிலருக்கு ஒலியாகவும் சிலருக்குப் படத்துடனும் போட்டுக் காட்டினார். படத்துடன் பார்த்தவர்கள்தான் கென்னடியை அதிகம் மெச்சினார்கள். ஆகவே கதையின் சாரம் நிற்கிறது, அதற்குக் காட்டும் சான்றுதான் நிற்கவில்லை.

மூன்றாம் லயம் (செவ்வாய், மதியம் 1.20)

முக லட்சணம் பற்றிப் பேசுவதால் சொல்கிறேன். என் தாத்தா கங்காணியாக இருந்தவர். ஆள் எடுக்கும்போது முகத்தைப் பார்த்தே இவன் நிலைப்பான், இவன் ஓடிவிடுவான் என்று சொல்வாராம். சாமுத்திரிகா லட்சணம் பொய்யில்லை. அகன்ற நெற்றி உள்ளவன் பொய் சொல்ல மாட்டான், மெல்லிய உதடு உள்ளவன் கொடுக்க மாட்டான். மக்கள் முகத்தைப் பார்த்து ஓட்டுப் போடுகிறார்கள் என்றால் அது சரியான வழிதானே? அதில் என்ன குற்றம்?

வகுப்பறை (செவ்வாய், மாலை 5.45)

தாத்தாவைக் குறை சொல்லவில்லை. ஆனால் நாம் பேசுவது வேறு. முகம் உண்மையைச் சொல்கிறதா என்பது ஒரு கேள்வி. முகத்தைப் பார்த்து எல்லாரும் ஒரே மாதிரி நினைக்கிறார்களா என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதற்கு ஆம் என்று சான்று நிறைய இருக்கிறது. முதலாவதற்கு இல்லை. திறமையான முகம் என்று நூறு பேர் ஒத்துக்கொள்வதால் அந்த மனிதர் பதவியில் திறமையாக இருப்பார் என்று ஆகிவிடாது.

தாத்தா விஷயத்தில் இதையும் யோசியுங்கள். ஓடிவிடுவான் என்று அவர் விலக்கியவர்கள் வேலைக்கே வரவில்லை. அவர்கள் நிலைத்திருப்பார்களா என்று பார்க்க யாருக்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. அதனால் அவர் கணிப்பு எப்போதும் சரியாகவே தெரிந்திருக்கும்.

மூன்றாம் லயம் (செவ்வாய், மாலை 6.10)

அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் எடுத்தவர்கள் பெரும்பாலும் நிலைத்தார்கள். அனுபவம் என்று ஒன்று இருக்கிறது.

பழைய கொடிக்காரன் (செவ்வாய், இரவு 9.00)

எனக்கு வேறு சந்தேகம். இதெல்லாம் வெள்ளைக்காரன் முகம், வெள்ளைக்காரன் கண். அங்கே திறமையாகத் தெரியும் முகம் இங்கே தெரியுமா? நம் ஆட்கள் மீசையைப் பார்ப்பார்கள், திருநீற்றைப் பார்ப்பார்கள், பாத்தேக் சட்டையா ஜிப்பாவா என்று பார்ப்பார்கள்.

வகுப்பறை (செவ்வாய், இரவு 9.35)

நல்ல கேள்வி ஐயா. சாப்பல் லாசன், கேப்ரியல் லென்ஸ் முதலியோர் 2010ல் இதைத்தான் சோதித்தார்கள். மெக்சிகோவிலும் பிரேசிலிலும் நின்ற வேட்பாளர்களின் படங்களை அமெரிக்கர்களிடமும் இந்தியாவில் உள்ளவர்களிடமும் காட்டினார்கள். இரண்டு பக்கத்தாரும் பெரும்பாலும் ஒரே முகங்களைக் காட்டினார்கள். அந்த முகங்கள் அந்தந்த நாட்டில் பெரும்பாலும் வென்ற முகங்களாகவும் இருந்தன.

பிள்ளைகளை வைத்தும் செய்திருக்கிறார்கள். ஜான் அந்தோனாகிஸ், ஓலாஃப் தால்காஸ் இருவரும் 2009ல் சுவிட்சர்லாந்தில் ஐந்து வயது முதல் பதின்மூன்று வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஒரு கணினி விளையாட்டுக் கொடுத்தார்கள். ட்ராயிலிருந்து இத்தாக்காவுக்குக் கப்பல் போகிறது, உங்கள் கப்பலுக்கு இந்த இருவரில் யாரைத் தலைவராக்குவீர்கள் என்று கேட்டார்கள். காட்டிய முகங்கள் பிரெஞ்சு நாடாளுமன்றத் தேர்தலில் மோதியவர்கள். பிள்ளைகள் காட்டிய தலைவர்கள் பத்தில் ஏழு தடவை தேர்தலில் வென்றவர்கள். பெரியவர்கள் காட்டியதற்கும் பிள்ளைகள் காட்டியதற்கும் வேறுபாடு தெரியவில்லை.

மீசையும் திருநீறும் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். அவை இவர் நம்மவர் என்று சொல்லும் அடையாளங்கள். மேலே சொன்ன சோதனைகளில் முடிந்தவரை அவற்றை விலக்கிவிட்டு முகத்தை மட்டும் பார்த்தார்கள். நம் ஊரில் இரண்டும் சேர்ந்து வரும்போது எது எவ்வளவு இழுக்கும் என்பது வேறு கணக்கு.

படக்கடை (செவ்வாய், இரவு 11.10)

டீச்சர், அந்த ஒரு விநாடி விஷயம் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. அதற்கும் குறைவாகக் காட்டினால்?

வகுப்பறை (புதன், காலை 6.50)

2007ல் சார்ல்ஸ் பாலூ என்பவரும் டோடோரோவும் அமெரிக்க மாநில ஆளுநர் தேர்தல் படங்களை ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டினார்கள். கண் சிமிட்டுவதைவிடக் குறைவு. அப்போதும் ஊகம் நாணயம் சுண்டுவதைவிட நன்றாகவே வந்தது. கூடுதல் நேரம் கொடுத்தவர்களுக்கு அதனால் பெரிய இலாபம் இல்லை. இன்னும் ஒன்று: "நன்றாக யோசித்துச் சரியாகச் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டவர்களின் ஊகம் மோசமாகிவிட்டது. தேர்தல் முடிவோடு ஒத்துப்போனது யோசனை அல்ல, முதலில் தோன்றியதுதான்.

உங்கள் மோட்டார்சைக்கிள்காரன் பார்க்கும் ஒரு விநாடி குறைவான நேரம் இல்லை அண்ணா. தேவைக்கு மேல்.

படக்கடை (புதன், காலை 10.30)

அப்படியென்றால் என் தொழிலில் நான் கண்டதைச் சொல்கிறேன்.

படம் எடுக்கும் தூரம்தான் முதல். பல வேட்பாளர்கள் கைப்பேசியில் தாங்களே எடுத்த படத்தை அனுப்பிவிடுவார்கள். கை நீளத்தில் எடுத்த படம் அது. மூக்கு பெரிதாகி, காது பின்னால் ஒளிந்து, முகம் உருண்டு நிற்கும். மெருகேற்றி அதைச் சரிசெய்ய முடியாது. நான் அவர்களைக் கடைக்கு வரவழைத்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று நீண்ட லென்ஸில் எடுப்பேன். அதே முகம்தான், ஆனால் நிலையான மனிதராகத் தெரிவார்.

அடுத்தது உருண்டை முகக்காரர்கள். பெரிய கண், சின்னத் தாடை, உயர்ந்த நெற்றி. நேரில் மிக நல்லவர்களாக இருப்பார்கள். படத்தில் பையன்களாகத் தெரிவார்கள். அவர்களுக்குப் பக்கத்திலிருந்து வெளிச்சம் கொடுப்பேன், ஒரு கன்னத்தில் நிழல் விழுந்தால் தாடைக்குக் கோடு கிடைக்கும். கேமராவைக் கண் மட்டத்துக்கு ஒரு விரற்கடை கீழே வைப்பேன். மேலேயிருந்து எடுத்தால் கெட்டது, நெற்றி இன்னும் பெரிதாகிப் பிள்ளை முகம் ஆகிவிடும். கண்ணில் வெளிச்சப் புள்ளி விழ வேண்டும். புள்ளி இல்லாத கண் நாலுக்கு எட்டடிப் பதாகையில் இறந்தவர் கண் மாதிரி இருக்கும். அது எனக்கு நன்றாகத் தெரியும், மாலை போடும் படங்களும் நான்தான் செய்கிறேன்.

வகுப்பறை (புதன், மதியம் 12.40)

தூரத்தைப் பற்றி நீங்கள் கண்டது ஆய்விலும் வந்திருக்கிறது. 2012ல் கலிபோர்னியாவில் ஒரே மனிதரை 45 சென்டிமீட்டரிலிருந்தும் 135 சென்டிமீட்டரிலிருந்தும் எடுத்துக் காட்டினார்கள். கிட்டத்தில் எடுத்த படத்தைப் பார்த்தவர்கள் அவரை நம்பத்தகுந்தவர், திறமையானவர், அழகானவர் என்ற மூன்றிலும் குறைத்தே மதிப்பிட்டார்கள். தூரம்தான் காரணம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியவே இல்லை.

இதில்தான் பிரசாரக்காரர்கள் ஏன் இப்படி மெனக்கெடுகிறார்கள் என்பதற்கு விடை இருக்கிறது. ஒரே மனிதரின் வெவ்வேறு படங்கள் தரும் எண்ணங்களுக்குள் இருக்கும் வேறுபாடு, வெவ்வேறு மனிதர்களின் படங்களுக்குள் இருக்கும் வேறுபாட்டுக்குக் குறைந்ததல்ல என்று டோடோரோவ் பிறகு ஒரு கட்டுரையில் காட்டினார். முகத்தை மாற்ற முடியாது. எந்தப் படம் என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். 2022 பொதுத் தேர்தலில் வேட்புமனு நாளிலிருந்து வாக்களிப்பு நாள்வரை இரண்டே வாரம். அதற்குள் ஒரு புதுமுகம் தன் வேலையைக் காட்ட முடியாது, சாலையைச் சீர்செய்ய முடியாது. படம் ஒன்றுதான் முழுவதும் அவர் கையில் இருக்கிறது.

கூட்டுறவு அக்கா (புதன், இரவு 8.20)

என் வயிற்றெரிச்சலைக் கொட்ட இடம் கிடைத்தது. நான் உறுப்பினராக இருக்கும் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் நிர்வாகக் குழுவுக்கு ஒன்பது பேர் நின்றோம், நான்கு இடம். மண்டபத்துக்குள் நுழையும் இடத்தில் ஒன்பது பேர் படத்தையும் பெயரையும் தாளில் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். மற்றவர்கள் கடையில் எடுத்த படம் கொடுத்திருந்தார்கள். என் படம் அவர்கள் கோப்பில் கிடந்த பழைய படத்தை நகல் எடுத்தது. கறுத்து, ஒரு கண் தெரியாமல், திருட்டு வழக்கில் பிடித்தவள் மாதிரி இருந்தேன். மாற்றச் சொன்னேன், நேரமில்லை என்றார்கள். பதினொரு ஆண்டு அந்தச் சங்கத்தின் கணக்கைப் பார்த்துக் கொடுத்தவள் நான். ஏழாவதாக வந்தேன். முகத்தால்தான் தோற்றேன் என்று நான் சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

வகுப்பறை (புதன், இரவு 9.15)

அக்கா, சிரிக்க ஒன்றுமில்லை. முகம் அதிகம் வேலை செய்வது இப்படிப்பட்ட இடத்தில்தான். கட்சிச் சின்னம் இல்லை, அறிக்கை இல்லை, உறுப்பினர்களில் பலருக்கு ஒன்பது பேரில் நான்கைந்து பேரைத் தெரியாது, ஓட்டுப் போடும் நிமிடத்தில் படம் கண்ணெதிரே இருக்கிறது. அயர்லாந்து மாதிரி வாக்குச் சீட்டிலேயே படம் அச்சிடும் நாடுகள் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் 2012ல் சிலருக்குப் படம் உள்ள மாதிரிச் சீட்டும் சிலருக்குப் படமில்லாத சீட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். படம் இருந்த சீட்டில் தோற்றப்பொலிவு உள்ளவர்கள் பக்கம் ஓட்டுக் கூடியது.

ஆனால் உங்கள் தோல்விக்குப் படம் மட்டும்தான் காரணமா என்று என்னால் சொல்ல முடியாது. உங்களைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் அன்றைக்கு வந்திருந்தார்கள்?

கூட்டுறவு அக்கா (புதன், இரவு 9.40)

மழை. பழைய ஆட்கள் பாதிப் பேர் வரவில்லை. வந்ததில் பலர் புது உறுப்பினர்கள்.

பழைய கொடிக்காரன் (புதன், இரவு 10.30)

இந்த ஊர்க்காரர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். நான் எதிர்ப்பக்கம் வேலை செய்தவன், ஆனாலும் சொல்கிறேன்.

1974லிருந்து இந்தத் தொகுதி, ம.இ.கா. தலைவராக இருந்த சாமிவேலுவின் கோட்டை. 2008ல் டாக்டர் மைக்கல் ஜெயக்குமார் அவரைத் தோற்கடித்தார். பகட்டில்லாத மனிதர், பதாகைக்காகத் தன்னை அலங்கரித்துக்கொண்டவர் அல்ல. 2013ல் மறுபடியும் வென்றார். இரண்டு முறையும் அவர் சோசலிசக் கட்சிக்காரராக இருந்தும் கெஅடிலான் கட்சியின் சின்னத்தில் நின்றார். 2018ல் சொந்தக் கட்சிச் சின்னத்தில் நின்றார். அதே மனிதர், அதே முகம், பத்தாண்டு சேவை. கிடைத்தது 1,505 ஓட்டு. வைப்புத்தொகை போனது. கெஅடிலான் சின்னத்தில் நின்ற கேசவன் வென்றார்.

அன்றைக்கு நான் வாக்கு எண்ணும் இடத்தில் இருந்தேன். எதிரிதான், ஆனால் நெஞ்சு கனத்தது. அவரிடம் மருந்து வாங்கியவர்கள், நிலப் பிரச்சினைக்கு அவரோடு நடந்தவர்கள் ஓட்டே அதைவிட அதிகம் இருக்க வேண்டும். முகம் முகம் என்று பேசுகிறீர்களே, சின்னத்துக்கு முன்னால் முகம் எம்மாத்திரம்? நான் முதலில் சொன்னதை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

வகுப்பறை (வியாழன், காலை 7.00)

ஐயா, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். நம் நாட்டில் சின்னம் முகத்தைவிடப் பெரியது என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று நமக்குக் கிடைக்காது. 2018ல் ஆட்சியை மாற்ற வேண்டும் என்று வந்தவர்கள் சின்னத்தைத் தேடிக் குறியிட்டார்கள்.

ஆனால் முகம் பற்றிய ஆய்வுகளை இது பொய்யாக்கவில்லை. டாக்டரை இந்த ஊரில் தெரியாதவர் இல்லை. தெரிந்த மனிதரின் முகத்தை நாம் ஊகிப்பதில்லை, நினைவுகூர்கிறோம். டோடோரோவ் சோதனையில் அடையாளம் தெரிந்த முகங்களை விலக்கியது இதனால்தான். முகம் வேலை செய்வது ஆளைப் பற்றி மனத்தில் ஒன்றுமே இல்லாத இடத்தில். லென்ஸும் லாசனும் 2011ல் அமெரிக்காவில் கண்டதும் இதையே சொல்கிறது: அரசியல் விவரம் குறைவாகத் தெரிந்து, அதேசமயம் தொலைக்காட்சி அதிகம் பார்ப்பவர்களிடம்தான் தோற்றத்தின் இழுப்பு பலமாக இருந்தது. விவரம் தெரிந்தவர்களிடம் அந்த அளவு இல்லை.

முதல் ஓட்டு (வியாழன், மதியம் 3.15)

நான் இருபத்திரண்டு வயதுக்காரன். வயது 18 ஆனதும் தானாகவே பதிவாகி 2022ல் முதல் ஓட்டுப் போட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாடாளுமன்றத்துக்குக் கட்சியைப் பார்த்துப் போட்டேன். சட்டமன்றத்துக்கு நின்றவர்களில் யாரையும் தெரியாது. வரிசையில் நின்றபோது, பள்ளிக்கு எதிரே வேலியில் பார்த்த படங்கள்தான் நினைவுக்கு வந்தன. அதில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் போட்டேன் என்று நினைக்கிறேன். வெளியே வந்தபோது ஏன் போட்டேன் என்று அம்மா கேட்டார். "வேலை செய்வார் போலத் தெரிகிறது" என்றேன். எனக்கு அவர் செய்த ஒரு வேலையும் தெரியாது.

படக்கடை (வெள்ளி, இரவு 9.50)

நானே சோதித்துப் பார்த்தேன். என் தங்கை நடத்தும் டியூஷன் வகுப்பில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் பதினொரு பேர். வேறு மாநிலங்களில் பழைய சட்டமன்றத் தேர்தல்களில் மோதியவர்களின் படங்களைப் பத்திரிகைகளிலிருந்து எடுத்துப் பத்து இணையாக அச்சடித்தேன். "உங்கள் பஸ் காட்டில் நின்றுவிட்டது, இந்த இருவரில் யார் பேச்சைக் கேட்டு நடப்பீர்கள்?" என்று கேட்கச் சொன்னேன். பெரும்பான்மைப் பிள்ளைகள் காட்டிய முகம் ஆறு இணையில் வென்றவர் முகம். அறுபது விழுக்காடு! ஆய்வு சரிதானே?

வகுப்பறை (வெள்ளி, இரவு 10.40)

செய்து பார்த்தீர்களே, அதற்கே என் வணக்கம். ஆனால் பத்து முறை நாணயம் சுண்டினால் ஆறோ அதற்கு மேலோ தலை விழுவது நூற்றில் முப்பத்தெட்டுத் தடவை நடக்கும். பத்தில் ஆறு எதையும் சொல்லாது. ஐம்பது இணை வைத்து முப்பத்தைந்து வந்தால் நான் எழுந்து உட்காருவேன், நாணயத்தால் அது மிக அரிது.

படங்களையும் பாருங்கள். பின்னணியில் கொடி இருந்ததா? ஒருவர் சிரித்து ஒருவர் இறுக்கமாக இருந்தாரா? ஒரு படம் மார்பு வரை, இன்னொன்று முகம் மட்டும் என்று இருந்ததா? வென்றவர் எப்போதும் இடப்பக்கமே வந்தாரா? இன்னும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வென்றவரின் படம் பதவிக்கு வந்த பிறகு எடுத்ததாக இருந்தால் கோட்டும் நல்ல வெளிச்சமும் அதில் இருக்கும். பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவில்லை, பதவியைப் பார்த்துவிட்டார்கள் என்று ஆகும்.

படக்கடை (வெள்ளி, இரவு 11.05)

நான்கு படங்கள் பதவியேற்புக்குப் பிறகு எடுத்தவை. இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். அந்த நான்கையும் பிள்ளைகள் சரியாகக் காட்டியிருக்கிறார்கள்.

பழைய கொடிக்காரன் (சனி, காலை 9.10)

எனக்கு ஒன்று தோன்றுகிறது, டீச்சர் சொல்லட்டும். ஜெயிக்கிற தொகுதி என்றால் மேலிடமே நல்ல ஆளைத் தேடும். படித்தவர், எடுப்பானவர், மேடையில் நிற்கத் தெரிந்தவர் எல்லாரும் அங்கே போட்டி போடுவார்கள். தோற்கிற தொகுதிக்கு வேட்புமனுவுக்கு முதல் நாள் ராத்திரி வரை ஆள் கிடைக்காது. யார் சரி என்கிறாரோ அவர் நிற்பார், படம் கைப்பேசியில் எடுத்தது. நானே இரண்டு பேரை அப்படி நிறுத்தியிருக்கிறேன். அப்போது ஜெயித்தவன் முகம் நன்றாக இருப்பதில் என்ன வியப்பு? முகத்தால் ஜெயிக்கவில்லை, ஜெயிக்கிற இடம் என்பதால் நல்ல முகம் வந்தது.

வகுப்பறை (சனி, காலை 11.00)

ஐயா, இதே கேள்வியை 2009ல் அமெரிக்காவில் அட்கின்சன், ஈனோஸ், ஹில் என்ற மூவர் எழுப்பினார்கள். போட்டி கடுமையான தொகுதிகளில் எதிர்த்து நிற்க வருபவர்களின் முகங்கள் மற்ற இடங்களைவிட நன்றாக மதிப்பிடப்பட்டன. எழுபது என்ற எண்ணில் ஒரு பங்கு அப்படி வந்திருக்க வேண்டும். அதைக் கழித்த பிறகு முகத்தின் சொந்த இழுப்பு, கட்சி சாராத வாக்காளர்களிடம் கொஞ்சம் இருக்கிறது, பெரிய தேர்தலின் முடிவை மாற்றும் அளவுக்கு அரிதாகத்தான் போகும் என்று சொன்னார்கள். வாக்குச் சீட்டில் படம் வைத்துச் செய்த கலிபோர்னியாச் சோதனை அதற்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் சாய்கிறது. பொதுத் தேர்தலுக்கு முன் நடக்கும் முதற்கட்டத் தேர்தலில் முகம் கணிசமாக இழுத்தது. இந்த இரண்டும் இன்னும் முழுதாக ஒத்துப்போகவில்லை.

முதல் ஓட்டு (சனி, மாலை 4.30)

அண்ணா, முதல் பதிவில் தோலை இரண்டு படி வெளுத்தேன் என்று எழுதியிருந்தீர்கள். அதை யாரும் பேசவில்லை. நான் கறுப்பு. என் அப்பா கறுப்பு. இந்தத் தொகுதியில் நிற்கிறவர் எங்கள் நிறத்தில் இருந்தால் எங்களுக்கு ஏன் ஓட்டுப் போடத் தோன்றாது என்று நினைக்கிறார்கள்? கண் பையையும் காலரையும் திருத்துவது வேறு. இது வேறு.

படக்கடை (சனி, இரவு 10.20)

தம்பி, நீங்கள் கேட்டது சரி. அன்றைக்குச் செய்தபோது கை தயங்கியது, ஆனாலும் செய்தேன். பணம் வாங்கிவிட்டேன். அம்மா அவரை அடையாளம் காணாததற்குக் காரணம் தாடை நிழல் அல்ல, நிறம்தான் என்று இப்போது நினைக்கிறேன். அவர் ஒட்டுக்கடையில் வந்து உட்கார்ந்தபோது, படத்தில் இருப்பவர் இவரா என்று இரண்டு பேர் கேட்டதை நானே கேட்டேன். ஊகத்தை உண்டாக்க ஒரு விநாடி போதும் என்றால், அதைக் கலைக்கவும் நேரில் ஒரு விநாடி போதும் அல்லவா?

வெளிச்சம், தூரம், காலர் ஆகியவற்றை இனியும் செய்வேன். நிறத்தில் கை வைக்க மாட்டேன் என்று கடையில் எழுதி ஒட்டலாமா என்று யோசிக்கிறேன். அந்த வேலை எதிரே உள்ள கடைக்குப் போய்விடும். பரவாயில்லை என்று சொல்ல இன்னும் துணிவு வரவில்லை.

மூன்றாம் லயம் (சனி, இரவு 10.45)

என் தாத்தா நிறம் பார்த்ததில்லை. நெற்றிதான் பார்த்தார்.

கூட்டுறவு அக்கா (ஞாயிறு, காலை 8.00)

படக்கடைத் தம்பி, அடுத்த மாதம் மறுபடியும் நிற்கிறேன். உங்கள் கடைக்கு எப்போது வரலாம்? டீச்சர், படத்தோடு சேர்த்து வேறு என்ன செய்யலாம்?

வகுப்பறை (ஞாயிறு, காலை 8.40)

படத்துக்குக் கீழே "பதினொரு ஆண்டு சங்கக் கணக்கைப் பார்த்தவர்" என்று ஒரு வரி அச்சடிக்க விடுவார்களா என்று கேளுங்கள் அக்கா. ஒன்பது பேருக்கும் ஒவ்வொரு வரி என்றால் யாரும் மறுக்க முடியாது. ஆளைப் பற்றி ஒரு வரி தெரிந்தாலும் புது உறுப்பினர்களுக்கு முகத்தை மட்டும் பார்க்க வேண்டிய தேவை குறையும் என்று நம்புகிறேன்.

படக்கடை (ஞாயிறு, காலை 9.05)

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வாருங்கள் அக்கா. அந்த நேரத்தில் முன்வாசல் வழியாக நல்ல வெளிச்சம் பக்கவாட்டில் விழும். வழக்கமாக உடுத்தும் புடவையிலேயே வாருங்கள். முகப்பவுடர் வேண்டாம். கண்ணாடி போடுகிறவர் என்றால் போட்டுக்கொண்டே வாருங்கள், உங்களைத் தெரிந்தவர்களுக்கு அடையாளம் தெரிய வேண்டும்.